சுவரில் சான்றிதழ், கையில் அளவு ஜாக்கெட்: வீட்டிலேயே பொட்டிக் தொடங்கும் பெண்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மதுரையில் என் வீட்டு முன்னறையில் பதினான்கு வருடமாகத் தைக்கிறேன். முதல் மூன்று வருடம், சட்டம் போட்ட என் சான்றிதழ் மிஷினுக்கு நேர் மேலே தொங்கியது. வந்தவர்களில் ஒருவர்கூட அதை ஏறிட்டுப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பையிலிருந்து புடவையை எடுப்பார்கள், அதோடு ஒரு பழைய ஜாக்கெட்டையும் எடுத்து வைப்பார்கள். "இது அளவு ஜாக்கெட்டுமா. இதே மாதிரி தைச்சுடு, ஆனா கை மட்டும் கொஞ்சம் லூசா." அவ்வளவுதான் பேச்சு. அந்த ஜாக்கெட் அவர்களுக்கு எப்படி உட்கார்ந்தது என்பதை வைத்துத்தான் அவர்கள் மறுபடி வருவதும் வராமல் போவதும்.

அப்படியென்றால் சான்றிதழ் வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். ஆனால் அது வாடிக்கையாளருக்கு அல்ல, அலுவலகத்துக்கு. இது தெரியாமல் பல பெண்கள் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கொடுத்து ஃபேஷன் டிசைனிங் வகுப்பில் சேர்ந்து, முடித்த கையோடு பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, ஏன் யாரும் இரண்டாம் முறை வரவில்லை என்று கவலைப்படுகிறார்கள். என்னிடம் வந்து கேட்ட பெண்களுக்குச் சொன்னதைத்தான் வரிசையாக இங்கே எழுதுகிறேன். புடவை ஜாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் வீட்டு பொட்டிக்குக்குச் சோறு போடுவது அதுதான். சுடிதாரையும் கவுனையும் ரெடிமேடில் வாங்கிவிடுவார்கள், ஜாக்கெட்டை மட்டும் தைக்கத்தான் கொடுப்பார்கள்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: எந்தக் காகிதம், எதற்கு?

சேருவதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சான்றிதழை நான் எந்த மேஜையில் கொண்டுபோய் வைக்கப் போகிறேன்? பதிலைப் பொறுத்துப் படிப்பு மாறும்.

பள்ளியில் தையல் ஆசிரியர் ஆகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுதான் வழி. தையல் பாடத்தில் லோயர், ஹையர் என்று இரண்டு நிலை. தெருமுனைத் தையல் வகுப்புகளில் பாதி இந்தத் தேர்வுக்குத்தான் தயார் செய்கின்றன. பிற்காலத்தில் வீட்டிலேயே வகுப்பு எடுக்க நினைத்தாலும் இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு.

ஒரு வருடம் முழு நேரமாகப் போக முடிந்தால் ஐ.டி.ஐ. நல்லது. அங்கே தையல் தொழில்நுட்பம், டிரெஸ் மேக்கிங், ஃபேஷன் டிசைன் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். ஆயத்த ஆடை நிறுவன வேலைக்கும் அது செல்லும். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிற பெண்ணுக்கு ஒரு வருடம் காலை முதல் மாலை வரை போவது சிரமம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வங்கிக் கடன் வாங்கித் தொடங்கப் போகிறீர்களா? அப்படியானால் நான் முதலில் கைகாட்டுவது ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தைத்தான். மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வங்கிகள் இவற்றை நடத்துகின்றன. பெண்களுக்கான தையல் பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம். கட்டணம் இல்லை, தங்குவதும் சாப்பாடும்கூட இலவசம். ஒரு மாதத்தில் யாரும் பெரிய தையல்காரர் ஆகிவிட முடியாது. ஆனால் நடத்துவது வங்கி என்பதால் அந்தச் சான்றிதழ் கடன் மேஜையில் பேசும். பயிற்சி முடிந்த பிறகும் தொழில் தொடங்கினீர்களா, கடன் கிடைத்ததா என்று கேட்டுத் தொடர்ந்து பார்ப்பார்கள். பிணை இல்லாமல் 50,000 ரூபாய் வரை கிடைக்கும் முத்ரா சிசு கடனுக்கு இது போதுமான துணை.

இலவசத் தையல் இயந்திரம் பெறுவது நோக்கமாக இருந்தால் கணக்கே வேறு. சமூக நலத்துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், ஏழைப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பும் வருமான வரம்பும் உண்டு. அதோடு பதிவு பெற்ற நிலையத்தில் குறைந்தது 6 மாதம் தையல் பயின்ற சான்றும் கேட்கிறார்கள். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். வகுப்புக்குப் போனது உண்மை, தைக்கவும் தெரியும், ஆனால் அந்த நிலையம் பதிவே செய்யாதது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே, "உங்க பதிவு எண் என்ன, சான்றிதழில் எத்தனை மாதம்னு போடுவீங்க?" என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். பழைய மாணவி ஒருவரின் சான்றிதழைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அங்கே சேர வேண்டாம்.

35 வயதைத் தாண்டியவர்கள் கலைஞர் கைவினைத் திட்டத்தையும் விசாரிக்கலாம். 2025-ல் தொடங்கியது. 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. விசாரிக்க வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம்.

எந்த வழியில் போனாலும் உத்யம் பதிவைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். udyamregistration.gov.in என்ற அரசுத் தளத்தில் ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் வைத்தே முடித்துவிடலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. அதே போன்ற பெயரில் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வகுப்பை எப்படிப் பார்த்துச் சேருவது?

கட்டணத்தையும் கட்டடத்தையும் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஆறு மாதத்தில் நான் எத்தனை ஜாக்கெட்டை நிஜத் துணியில் வெட்டி, ஆளுக்குப் போட்டுப் பார்ப்பேன்?" பல இடங்களில் பழுப்புக் காகிதத்தில் வரைந்து, வெட்டி, நோட்டில் ஒட்டுவதோடு சரி. ஃபேஷன் டிசைனிங் என்ற பெயரில் நடப்பவற்றில் மாடல் படம் வரைவது, வண்ணச் சக்கரம், துணியின் வரலாறு என்று நாள் போய்விடும். அவை தேவையில்லாதவை என்று சொல்ல மாட்டேன். கலர் சேர்க்கத் தெரிந்தவளின் பைப்பிங் தனியாகத் தெரியும். ஆனால் வாடிக்கையாளர் பணம் கொடுப்பது இன்னொருவர் உடம்பில் சுருக்கமில்லாமல் உட்காரும் தையலுக்கு. அது உங்கள் அளவில் நூறு ஜாக்கெட் தைத்தாலும் வராது, பத்து வேறு உடம்புக்குத் தைத்தால்தான் வரும்.

அதனால் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, பலகை மாட்டுவதற்கு முன், மூன்று மாதம் இதைச் செய்யுங்கள். அம்மா, மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, கல்லூரி போகும் பெண், இப்போதுதான் பிள்ளை பெற்றவர் என்று உடல்வாகு வேறுபட்ட பத்துப் பேரைப் பிடியுங்கள். விலை குறைந்த பருத்தித் துணியில் ஆளுக்கு இரண்டு ஜாக்கெட், தையல் கூலி இல்லாமல். முதலாவதைப் போட்டு அவர்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்க வேலை செய்யட்டும். மாலையில் போய் எங்கே இழுத்தது, எங்கே நழுவியது என்று கேட்டு, ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். இரண்டாவதில் அதைச் சரி செய்யுங்கள். அந்த இருபது ஜாக்கெட் என் கைக்குக் கற்றுக்கொடுத்ததை எந்த வகுப்பும் கற்றுக்கொடுக்கவில்லை. மீனாட்சி அம்மன் கோயில் புது மண்டபத்தில் வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்களை என் வயது மதுரைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள். ஆள் வந்து நின்றதும் கண்ணாலேயே தோள் சரிவை எடைபோடுவார்கள். அவர்களுக்கு அந்தக் கண் வந்ததும் ஆள் மேல் ஆளாகத் தைத்துத்தான்.

அளவு ஜாக்கெட் சொல்லும் பொய்

வாடிக்கையாளர் நிலைப்பதும் போவதும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அளவு ஜாக்கெட்டை அப்படியே நம்பக்கூடாது. அது இருபது முறை துவைத்துச் சுருங்கியிருக்கும், அல்லது பக்கத் தையல் பிரித்து விட்டிருக்கும். பழகிய பருத்தி, உடம்போடு நெகிழ்ந்து கொடுக்கும். அதே அளவில் பட்டில் தைத்தால் மூச்சு விட முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் தைத்ததாக இருந்தால் உடம்பும் மாறியிருக்கும். ஆகவே அளவு ஜாக்கெட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள், உடம்பிலும் டேப் வையுங்கள். இரண்டும் எங்கே ஒத்துப் போகவில்லையோ அங்கே வாய்விட்டுக் கேளுங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி, "இதே மாதிரி வேணுமா?" என்பது இல்லை. "இந்த ஜாக்கெட்ல உங்களுக்குப் பிடிக்காதது எதுக்கா?" என்பது. எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும். தோளில் இறங்குது, குனிந்தால் கழுத்து வாயைப் பிளக்குது, கை தூக்கினால் ஜாக்கெட்டே மேலே ஏறுது. அந்த ஒரு குறையை நீங்கள் தீர்த்துவிட்டால் அவர் வேறு தையல் கடைப் படி ஏற மாட்டார்.

ஒரு உதாரணத்தை முழுசாகச் சொல்கிறேன். போன வைகாசியில் ஒரு அக்கா மகள் கல்யாணத்துக்காகப் பட்டுப்புடவை ஜாக்கெட் பீஸைக் கொண்டுவந்தார். அளவு ஜாக்கெட் பழைய பருத்தி. ஊக்கு மாட்டி, மேஜையில் நீவி வைத்து அளந்தால் மார்பில் 18 அங்குலம், அதாவது சுற்றளவு 36. அவர் உடம்பில் டேப் வைத்தால் முப்பத்தேழரை. ஒன்றரை அங்குலத்தைத் துணியின் நெகிழ்ச்சிதான் இதுவரை தாங்கியிருக்கிறது. பட்டு அதைத் தாங்காது. பிடிக்காதது எது என்று கேட்டேன். "கை தூக்கினா எல்லாமே மேல வந்துடுது தங்கச்சி, மேடையில அட்சதை போடணும்ல" என்றார்.

கை தூக்கும்போது ஏறுகிறது என்றால், புதிதாகத் தைப்பவர்கள் கைக்குழி இறுக்கம் என்று நினைத்து அதை இன்னும் கீழே வெட்டுவார்கள். நானும் அந்தத் தவறைப் பல வருடம் செய்தேன். உண்மை நேர்மாறு. கைக்குழி அளவுக்கு மேல் கீழே இறங்கியிருந்தால், கை உயரும்போது அது பக்கத் தையலையே பிடித்து மேலே இழுக்கும். அக்குளுக்கு ஒட்டிக் கைக்குழி உயரமாக இருந்தால்தான் கை மட்டும் தனியாக எழும். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல ஒரு முறை கையை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள், கண்ணுக்கே தெரிந்துவிடும். அந்த அக்காவின் ஜாக்கெட்டில் தைத்த கைக்குழி சுற்று பதினேழரை. உடம்பில் தோள் முனையிலிருந்து அக்குள் வழியாகச் சுற்றி அளந்தால் பதினைந்தரை. அதோடு அசைவுக்கு ஒரு அங்குலம் சேர்த்தால் பதினாறரை போதும். ஆகவே கைக்குழியை ஏறத்தாழ அரை அங்குலம் மேலே ஏற்றி வரைந்தேன். கைக்குழி மாறினால் கையின் வளைவும் அதே அளவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேராது.

மார்புக்கு, உடம்பளவு முப்பத்தேழரையோடு ஒரு அங்குலம் தளர்வு சேர்த்து முப்பத்தெட்டரை. நாலில் ஒரு பங்கு ஒன்பதரை அங்குலமும் ஒரு நூலும், நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பக்கத்தில் உள்தையலுக்கு ஒன்றரை அங்குலம் விட்டேன். இந்த ஒன்றரையில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். பக்கத்துக்கு இரண்டு என்று நாலு ஓரம், ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் நிறுத்தி ஒரு அங்குலம் பிரித்தாலும் மொத்தம் நாலு அங்குலம் விரியும். அடுத்த வருடம் உடம்பு வைத்தாலும் அதே பட்டு ஜாக்கெட் அவருக்கு ஆகும். பிரித்துவிட அவர் உங்களிடமேதான் வருவார்.

பட்டில் கத்திரி வைப்பதற்கு முன் லைனிங்கை மட்டும் வெட்டி, பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டு, முன்பக்கம் குண்டூசி குத்தி அவருக்குப் போட்டுப் பார்த்தேன். மார்பு வடிவத்துக்காக மடித்துத் தைக்கும் டாட்டின் முனை, மார்பின் உச்சியைத் தாண்டி மேலே போயிருந்தது, முக்கால் அங்குலம் இறக்கினேன். லைனிங்கில் தப்பு நடந்தால் ஒரு மீட்டர் பருத்தியோடு போகும். பட்டில் நடந்தால் புடவையோடு வந்த பீஸ் போய்விடும், அது வேறெங்கும் கிடைக்காது. அரை மணி நேரம் கூடுதல்தான். புது வாடிக்கையாளர் பட்டு கொண்டுவந்தால் நான் இதை விடுவதே இல்லை. கல்யாணம் முடிந்து ஆவணிக்குள் அந்த மேடையில் நின்ற சம்பந்தியம்மா உட்பட நான்கு பேர் வந்தார்கள்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்கழுத்தை எட்டு, ஒன்பது அங்குலம் இறக்கச் சொன்னால் தோளின் மொத்த அகலத்தில் கால் முதல் அரை அங்குலம் குறையுங்கள், இல்லையென்றால் நழுவும். நாடா கட்டுவது அதற்கு மருந்து இல்லை, துணைதான். கழுத்து ஓரம் வாயைப் பிளந்தால் பைப்பிங் போடும்போது கழுத்தை இழுத்துத் தைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், அல்லது வெட்டிய பிறகு கழுத்து வளைவை ஒரு தையல் போட்டு நிறுத்தாமல் விட்டிருக்கிறீர்கள்.

லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் கட்டாயம் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, அயர்ன் செய்யுங்கள். செய்யாவிட்டால் முதல் துவைப்பில் லைனிங் சுருங்கி மேல்துணி முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். வாடிக்கையாளர் அதைச் சொல்லக்கூட வர மாட்டார், பேசாமல் கடையை மாற்றிவிடுவார். சிவப்பு, கரும்பச்சை லைனிங் சாயம் போகிறதா என்பதும் அந்தத் தண்ணீரிலேயே தெரிந்துவிடும்.

வாங்கும்போதே பேசி முடிப்பது

புடவையோடு வரும் பீஸ் பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் இருக்கும். உடம்பு கொஞ்சம் பெரிதாக, முழங்கை வரை கை, கையில் பார்டர் என்று மூன்றையும் கேட்டால் துணி பற்றாது. அதை வெட்டும்போது கண்டுபிடித்தால் பழி உங்கள் மேல். வாங்கும்போதே அவர் கண்முன் பீஸை விரித்து அளந்து, "கையில பார்டர் வேணும்னா நீளம் ஒன்பது அங்குலம்தான் வரும், சரியாக்கா?" என்று கேட்டுவிட்டால் அது அவர் எடுத்த முடிவாகிறது. புள்ளி, கறை, சரிகை அறுந்த இடம் இருந்தாலும் அப்போதே காட்டிவிடுங்கள். எனக்கு ஒரு முறை, ஏற்கனவே கறை இருந்த புடவைக்கு நான் பணம் கொடுக்க நேர்ந்தது. அன்றிலிருந்து துணியை விரித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை.

ஆர்டர் நோட்டில் பெயர், தேதி, எல்லா அளவும், கழுத்து வடிவம் கையால் வரைந்த சின்னப் படமாக, ஒப்புக்கொண்ட கூலி, வாங்கிய முன்பணம், கொடுக்கும் தேதி. லைனிங்கில் ஒரு துண்டு வெட்டிப் பக்கத்தில் பின் செய்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அவர் "போன தடவை மாதிரியே" என்று ஃபோனில் சொன்னால் அந்தப் பக்கத்தைத் திருப்பினால் போதும். என்னிடம் இப்போது ஒன்பது நோட்டுகள் இருக்கின்றன. தீ பிடித்தால் மிஷினை விட்டுவிட்டு அவற்றைத்தான் எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

சொன்ன தேதிக்குக் கொடுப்பது என்பது நினைவாற்றல் இல்லை, கணக்கு. நான் ஒருத்தி மட்டும், சமையல், பிள்ளைகள் எல்லாம் போக, ஒரு நாளில் நன்றாக முடிப்பது இரண்டு லைனிங் ஜாக்கெட். வாரத்தில் ஐந்து நாள் பத்து ஜாக்கெட். ஆறாம் நாள் ஆல்ட்ரேஷனுக்கும் ஊக்கு, எம்மிங் போன்ற கைத்தையலுக்கும் மட்டும். அந்தப் பத்து நிரம்பிவிட்டால் பதினொன்றாவது ஆள் அடுத்த வாரத்துக்குத்தான் போகிறார், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும். தீபாவளிக்கு மூன்று வாரத்துக்கு முன்பே வாங்குவதை நிறுத்திவிடுகிறேன். முதல் வருடம் வருமானம் போகிறதே என்று வயிறு எரிந்தது. பிறகுதான் தெரிந்தது, தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி புதுத்துணி கிடைக்காத ஒரு வீடு, தெரு முழுக்கப் பேசும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, வேலை படுத்துவிடும். அந்த மாதங்களில்தான் ஆரி வொர்க் கற்றுக்கொள்வது, மிஷின் சர்வீஸ், பழைய வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துவிடும் வேலை.

கூலியை எப்படி வைப்பது?

தெருமுனைக் கடையை விட ஐம்பது ரூபாய் குறைத்து ஆளைப் பிடிக்கலாம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். ஒரு ஜாக்கெட்டுக்கு என் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். லைனிங் 70 ரூபாய், நூல், ஊக்கு, கேன்வாஸ் 20, மின்சாரமும் ஊசியும் எண்ணெயும் 10. ஆக 100 ரூபாய் கைச்செலவு. அளவெடுத்துப் பேச அரை மணி, வெட்ட அரை மணி, தைக்க இரண்டு மணி, கைத்தையலுக்கு நாற்பது நிமிடம். மொத்தம் மூன்று மணி நாற்பது நிமிடம். 350 ரூபாய் வாங்கினால் மிஞ்சுவது 250, மணிக்கு 68 ரூபாய் சுமாராக. அந்த ஜாக்கெட் சரியில்லை என்று திரும்பி வந்து ஒரு மணி நேரம் பிரித்துத் தைத்தால் மணிக்கு 54 ரூபாயாக இறங்கிவிடும். விலையைக் குறைத்ததால் இழப்பது ஒரு பக்கம், அளவு தப்பியதால் இழப்பது இன்னொரு பக்கம். இரண்டாவதைத்தான் யாரும் நோட்டில் எழுதுவதில்லை.

அதனால் லைனிங் ஜாக்கெட்டுக்கு ஊர் விலையையே வையுங்கள். அதோடு ஒன்று சொல்லுங்கள்: "போட்டுப் பார்த்துட்டு ஒரு மாசத்துக்குள்ள என்ன குறை இருந்தாலும் கொண்டு வாங்க, காசு வேண்டாம்." முதல் வருடம் இது உங்களைக் கொஞ்சம் வருத்தும். ஆனால் குறையோடு திரும்பி வருகிறவர் உங்களுக்குக் கிடைத்த ஆசிரியர். வராமல் போகிறவரிடம் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. டிசைன் கூலியை மட்டும் தனியாகப் போடுங்கள்: பைப்பிங் இவ்வளவு, பின்கழுத்து டிசைன் இவ்வளவு, குஞ்சம் இவ்வளவு என்று எழுதி ஒட்டிவிட்டால் பேரம் பாதியாகக் குறையும்.

முதல் ஐம்பது பேர் எங்கிருந்து வருவார்கள்?

எங்கள் பின்தெருவில் ஒரு தங்கை, ஃபேஷன் டிசைனிங் டிப்ளமோ முடித்தவள். கை நல்ல கை. முன்கூடத்தில் கண்ணாடி அலமாரி, பொம்மைக்கு லெஹங்கா, இன்ஸ்டாகிராமில் தினம் ஒரு படம் என்று திறந்தாள். முதல் மாதம் வந்தது பதினோரு ஆர்டர், அதில் ஏழு திரும்பி வந்தது. அழுதுகொண்டே வந்தாள். "அக்கா, டிசைன் எல்லாருக்கும் பிடிக்குது, ஆனா யாருமே திரும்ப வரமாட்டேங்குறாங்க." திரும்பி வந்த ஏழையும் மேஜையில் விரிக்கச் சொன்னேன். ஐந்தில் டாட் உயரம் எல்லாம் ஒரே அளவு, பத்து அங்குலம். வகுப்பில் கொடுத்த அட்டவணையை வைத்து வெட்டியிருக்கிறாள். அந்த அளவை உடம்பில் அவள் எடுத்ததே இல்லை. "தோளிலிருந்து உச்சி வரைக்கும் டேப்பை வச்சு ஆளாளுக்கு எடும்மா, இதுக்கு அட்டவணை கிடையாது" என்றேன். ஏழு பேரையும் கூப்பிட்டு இலவசமாகச் சரி செய்து கொடுத்தாள். நான்கு பேர் இன்றும் அவளிடம்தான் தைக்கிறார்கள்.

அப்புறம் அவளுக்குச் சொன்னது இதுதான். லெஹங்கா பொம்மையை உள்ளே வை, வாசலில் "ஃபால்ஸ், பீகோ, ஆல்ட்ரேஷன்" என்று எழுது. புடவை ஓரம் அடிக்க வருகிறவர் தன் பட்டை உங்கள் கையில் கொடுத்துப் பார்க்கிறார். ஃபால்ஸ் சுருக்கமில்லாமல், மேல்பக்கம் நூல் தெரியாமல் இருந்தால், அடுத்த முறை பீஸும் கூட வரும். ஆல்ட்ரேஷனில் இன்னொரு லாபம் உண்டு. வேறு தையல்காரர்கள் எங்கே தப்பு செய்கிறார்கள் என்று பிரித்துப் பிரித்துப் பார்க்கலாம். சின்ன வேலை, சின்னக் காசு, ஆனால் தெருவில் எல்லா வீட்டுப் புடவையும் ஒரு முறை உங்கள் மிஷினைத் தொட்டுவிடும்.

படம் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. பொம்மைக்குப் போட்ட படத்தை விட, ஒரு சாதாரண அம்மா போட்டிருக்கும் ஜாக்கெட்டின் முதுகுப் பக்கப் படம், முகம் இல்லாமல், அவர் சம்மதத்தோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தால் அதற்குத்தான் ஃபோன் வருகிறது. "இந்த ஃபிட்டிங் எனக்கும் வருமா?" என்று கேட்பவர்கள்தான் வீடு தேடி வருகிறார்கள். டிசைன் மட்டும் கேட்பவர்கள் பெரும்பாலும் படத்தைச் சேமித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள்.

இப்போது அந்தத் தங்கை வாரத்துக்கு எட்டு ஜாக்கெட் தைக்கிறாள். போன வாரம் வங்கியிலிருந்து ஆள் வந்து கடனுக்காக இடம் பார்த்தபோது பீரோவிலிருந்து டிப்ளமோவை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி நகல் எடுத்துக்கொண்டு, ஆர்டர் நோட்டையும் கேட்டு வாங்கி, பத்து நிமிடம் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாராம்.